எட்டுத் தட்டுக் கும்மி: ஆடத் தெரியாத ஒன்பது பேரும் அம்மிச்சியின் குரலும்

வீடியோ முடிந்துவிட்டது. 2 நிமிடம் 3 வினாடி. அம்மாவைப் பெற்றவரான என் அம்மிச்சி பாடிய பழைய கும்மிப் பாட்டுக்கு வீட்டில் எட்டுப் பேர் ஆளுக்கு ஒரு வரி வாயசைக்கிறோம். ஒவ்வொரு இரண்டு வரிக்கும் பிறகு ‘தன்னானே’ வரும்போது ஒன்பது பேரும் வட்டமாக நின்று கும்மி அடிக்கிறோம். அவ்வளவுதான். ஆனால் இது ஒழுங்காக வருவதற்குள் இரண்டு முறை முழுசாகக் கலைத்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது. என்ன செய்தோம், எங்கே தப்பானது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். எங்களைப் போல ஆடிப் பழக்கமே இல்லாத குடும்பம் ஒன்று இதைப் படித்துவிட்டு நேராகத் தொடங்க முடிய வேண்டும்.

ஒன்பது பேர் என்றால் மாமா, அத்தை, அம்மா, சித்தி, நான், என் கணவர், மாமா மகன், அவர் மனைவி, அவர்களுடைய ஏழு வயது மகள். மாமாவுக்கு 58 வயது. அத்தைக்கு முழங்கால் வலி. யாருமே மேடை ஏறியவர்கள் இல்லை. இடம், பெருந்துறைப் பக்கம் மாமா தோட்டத்துக் களம். தை மாதம் அம்மிச்சிக்கு 80 வயது நிறைகிறது, அன்றைக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது திட்டம். அவர் திருப்பூரில் பெரியம்மா வீட்டில் இருந்ததால் களத்தில் பழகுவது அவருக்குத் தெரியாது.

முதலில் குரல். ஐப்பசியில் ஒரு மத்தியானம் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் ஃபோனில் பதிவு செய்தேன். சின்ன வயதில் பூப்பறிக்கும் நோன்புக்கு ஆவாரம்பூ பறிக்கப் போகும்போது பாடியதாகச் சொல்வார். பாடும்போது அவர் கை தானாகத் தட்டும். முதல் பதிவில் அந்தக் கைதட்டல் குரலை அமுக்கிவிட்டது. தட்டாமல் பாடச் சொன்னால் பாட்டே வரவில்லை, இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். பிறகு கையைத் தொடையில் தட்டிக்கொண்டு பாடச் சொன்னேன். அது சரியாக அமைந்தது. தட்டு மெல்லக் கேட்கிறது, குரல் மேலே தெளிவாக நிற்கிறது. நான்கு கண்ணி, கண்ணிக்கு இரண்டு வரி, அப்புறம் ஒரு தன்னானே வரி. மொத்தம் 12 வரி, வரிக்கு 16 தட்டு.

இந்தப் பதிவை வைத்துக்கொண்டு செய்த முதல் தப்பு, வேகத்தைச் சமப்படுத்தப் பார்த்தது. முதல் வரியின் 16 தட்டுக்கு 11 வினாடி ஆகிறது. கடைசி வரியின் 16 தட்டு ஒன்பதரை வினாடியில் முடிந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 87 தட்டில் தொடங்கி 101 வரை போகிறார் என்று கணக்கு. எல்லா வரியையும் ஒரே நீளத்துக்கு இழுத்துப் பார்த்தேன். வரியின் முடிவில் அவர் குரல் சறுக்கி இறங்கும் இடம் மொட்டையாகிவிட்டது, கேட்கவே மனசு வரவில்லை. தூக்கிப் போட்டுவிட்டு, அவர் பாடிய வேகத்திலேயே பழகுவது என்று முடிவு செய்தேன். கும்மி போகப் போக வேகம் கூடுவதுதான் வழக்கம். பத்து முறை அதே பதிவுக்கு ஆடினால் எங்கே வேகம் கூடும் என்று உடம்புக்கே தெரிந்துவிடுகிறது. ஒரே நிபந்தனை, நாம் வைக்கும் அடிகள் அந்தக் கடைசி வேகத்திலும் அத்தை காலுக்கு எட்ட வேண்டும்.

இரண்டாவது தப்பு பெரியது, ஒரு முழு வாரத்தைத் தின்றது. எங்கள் பக்கம் வள்ளி கும்மி இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது. கோவை மாவட்டத்துக் கலைஞர் பத்திரப்பன் அந்தக் கலைக்காக 2024இல் பத்மஸ்ரீ பெற்றார். அதைப் பார்த்த ஆசையில் ஒரு வள்ளி கும்மி வீடியோவைப் போட்டுவிட்டு, பார்த்துப் பார்த்து ஆடலாம் என்று இறங்கினோம். அது மாதக்கணக்கில் வரிசை நின்று கற்றுக்கொள்ளும் ஆட்டம். குதித்துத் திரும்பும் இடங்கள் உண்டு, அடிக்கு அடி மாறும். அதோடு திரையில் நம்மைப் பார்த்து ஆடுபவரின் வலது நமக்கு இடது. பாதிப் பேர் ஒரு பக்கமும் மீதிப் பேர் மறு பக்கமும் போனார்கள். ஏழாம் நாள் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஏங்கண்ணு, நான் ஓரமா நின்னு வாயை மட்டும் அசைக்கிறேனே” என்றார். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து, எட்டே தட்டில் முடிகிற ஒரே ஒரு அடியை நானே கட்டினேன். முழு வீடியோவுக்கும் அது ஒன்றுதான்.

வட்டமாக, எல்லோரும் நடுவைப் பார்த்து நிற்க வேண்டும். வட்டம் நகரும் திசை, கோயில் சுற்றும் திசை. நடுவைப் பார்த்து நிற்பவருக்கு அது இடது கைப்பக்கம். நான் முதலில் “இடது, இடது” என்று கத்தினேன், ஒருவராவது தவறாமல் வலது பக்கம் போய் அடுத்தவரை இடித்தார். “கோயில் சுற்றுகிற பக்கம்” என்று சொன்ன நிமிடத்திலிருந்து ஒருவரும் தப்பாகப் போகவில்லை.

இனி அடி. கை இடுப்பில் இருக்கட்டும், முதலில் காலை மட்டும் பழக வேண்டும்.

ஒன்று: இடது காலைப் பக்கவாட்டில் ஓரடி தள்ளி வைக்க வேண்டும்.
இரண்டு: வலது காலை அதன் அருகில் கொண்டுவந்து ஊன்ற வேண்டும்.
மூன்று: மறுபடி இடது காலைப் பக்கவாட்டில் ஓரடி வைக்க வேண்டும்.
நான்கு: வலது காலைக் கொண்டுவந்து பெருவிரலால் தரையைத் தொட வேண்டும். ஊன்றக் கூடாது.
ஐந்து: அதே வலது காலை வட்டத்துக்குள் ஓரடி எடுத்து வைத்து, குனிந்து, முழங்கால் உயரத்தில் கை தட்ட வேண்டும். இடது கால் இருந்த இடத்திலேயே இருக்கும்.
ஆறு: அப்படியே குனிந்த நிலையில் இன்னொரு தட்டு.
ஏழு: வலது காலைப் பின்னால் எடுத்து இடது கால் பக்கத்தில் ஊன்றி, நிமிர்ந்து, நெஞ்சுக்கு நேராக ஒரு தட்டு.
எட்டு: நின்ற இடத்திலேயே முகத்துக்கு நேராக ஒரு தட்டு.

இதில் உயிர் இருப்பது நான்காவது தட்டில். இரண்டிலும் நான்கிலும் செய்வது பார்வைக்கு ஒன்றுதான், வலது கால் இடது காலோடு சேருகிறது. ஆனால் இரண்டில் உடம்பின் பாரம் வலது காலுக்கு மாற வேண்டும், அப்போதுதான் மூன்றில் இடது காலைத் தூக்க முடியும். நான்கில் பாரம் மாறக் கூடாது. மாறிவிட்டால் ஐந்தில் உள்ளே போவதற்கு வலது கால் எழும்பாது, அவசரத்தில் இடது காலை எடுத்து வைப்பார்கள், அதற்கப்புறம் முழு வட்டமும் குழம்பும். மாமா, மாமா மகன், என் கணவர் மூன்று பேரும் இதே இடத்தில்தான் தட்டுத் தடுமாறினார்கள். தப்பு ஐந்தாவது தட்டில் நடக்கிறது என்று நினைத்து, ஐந்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலை மட்டும் ஃபோனில் எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தப்பு அதற்கு முந்தைய தட்டிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. நான்கில் குதிகால் தரையில் பட்டால் தப்பு, படாவிட்டால் சரி. பார்த்துக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. குதிகாலைப் பார்க்கிற வேலையைச் சின்னவளிடம் கொடுத்தோம். களத்து மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து, “தாத்தா, பட்டுருச்சு” என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். ஒரு சாயங்காலத்தில் மூன்று பேரும் திருந்திவிட்டார்கள்.

எண்களைச் சொல்லிக்கொண்டு ஆடுவதை அப்புறம் விட்டோம். எண்ணுக்கும் செய்கைக்கும் ஒட்டு இல்லை, “ஆறுன்னா என்ன?” என்று யோசிப்பதற்குள் ஏழு வந்துவிடுகிறது. எட்டுத் தட்டுக்கு எட்டுச் சொல் வைத்தேன்: வை, ஊன்று, வை, தொடு, குனி, தட்டு, நிமிர், தட்டு. பாட்டுப் போடாமல் இதை மட்டும் வாய்விட்டுச் சொல்லியபடி ஆடினோம். முதல் நாள் மிக மெதுவாக, சொல்லுக்கு இரண்டு வினாடி. கால் பழகிய பிறகுதான் கை. கையையும் காலையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவே கூடாது என்பது என் அனுபவம். அத்தைக்குக் குனிய முடியவில்லை. அவர் இடுப்பை வளைக்காமல் கையை மட்டும் தொடை உயரத்துக்கு இறக்கித் தட்டினார். வீடியோவில் அது தனியாகத் தெரியவில்லை. எல்லோருடைய கையும் ஒரே நேரத்தில் கீழே போகிறதா என்றுதான் கண் பார்க்கிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பதில்லை.

அடுத்தது வட்டத்தின் அளவு. ஆளுக்கு மூன்றடி இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஒன்பது பேருக்குச் சுற்றளவு 27 அடி, ஆரம் நாலேகால் அடிக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் ஒரு முளை அடித்துக் கயிறு கட்டி வட்டம் போட்டேன். நிற்கும்போது அழகாக இருந்தது. ஐந்தாவது தட்டில் ஒன்பது பேரும் ஓரடி உள்ளே வந்து குனிந்ததும் சித்தி தலையும் அம்மா தலையும் நங்கென்று முட்டிக்கொண்டன. நிற்கிற வட்டத்தை அளந்தேனே தவிர, குனிகிற வட்டத்தை அளக்கவில்லை. ஓரடி உள்ளே வந்து, குனியும்போது தலை இன்னும் ஒன்றரை அடி முன்னே போனால், தலைகள் நிற்கும் வட்டத்தின் ஆரம் இரண்டடிக்கும் குறைவு. அதில் ஒன்பது தலைக்கு இடமே இல்லை.

கயிற்றை ஐந்தரை அடியாக்கினேன். சுற்றளவு முப்பத்து நாலரை அடி. ஒன்பதால் வகுத்தால் ஆளுக்கு நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. இங்கேதான் எதிர்பாராத ஒரு நல்லது நடந்தது. ஒரு தன்னானே வரிக்கு 16 தட்டு, அதாவது எட்டுத் தட்டு அடி இரண்டு முறை. ஒரு முறைக்கு இடது காலைப் பக்கவாட்டில் இரண்டு தடவை தள்ளி வைக்கிறோம், இரண்டு முறைக்கு நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் ஓரடிக்குச் சற்றே குறைவாக வைத்தால், வரி முடியும்போது ஒவ்வொருவரும் அடுத்தவர் நின்ற இடத்துக்குச் சரியாக வந்து சேர்வார்கள். வட்டத்தின் மேல் ஒன்பது புள்ளி வைத்துவிட்டால் போதும். வரி முடிவில் புள்ளியில் நிற்கிறோமா என்று ஒவ்வொருவரும் தாமே பார்த்துக்கொள்ளலாம். நான் யாரையும் “முன்னே போ, பின்னே வா” என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புள்ளிக்கு முதலில் சுண்ணாம்புக் கட்டி. வீடியோவில் விளையாட்டு மைதானம் மாதிரி அசிங்கமாகத் தெரிந்தது. அத்தைதான், “புள்ளிதானே வேணும், கோலமே போட்டுருவோம்” என்றார். சாணி மெழுகிய களத்தில் வட்டத்தைக் காவியால் இழுத்து, ஒன்பது இடத்தில் ஒன்பது சின்னத் தாமரை போட்டார். வெறும் கோலப்பொடி இரண்டு சுற்றிலேயே காலில் ஒட்டிக் கலைந்துவிடும், காவியைக் கரைத்துப் போட்டுக் காயவிட்டால் ஒரு சாயங்காலம் முழுக்கத் தாங்குகிறது. பார்ப்பவருக்கு அது கோலம். எங்களுக்கு நிற்கிற இடம்.

இனி வாயசைப்பு. இதைச் சுலபம் என்று நினைத்திருந்தேன். ஒருவருக்கு ஒரு வரி, பத்து வினாடி. ஆனால் முதல் முறை எடுத்துப் பார்த்தபோது எல்லோர் வாயும் மீன் வாய் மாதிரி திறந்து மூடியது, குரலோடு ஒட்டவே இல்லை. இதற்கு இரண்டு காரணம் இருந்தது.

முதல் காரணம், சத்தம் இல்லாமல் வாயை மட்டும் அசைத்தது. சத்தம் வராதபோது மூச்சு இழுப்பதில்லை, கழுத்து அசைவதில்லை, தாடை பாதிதான் இறங்குகிறது. பார்ப்பவருக்கு எது குறைகிறது என்று சொல்லத் தெரியாது, ஆனால் பொய் என்று தெரிந்துவிடும். வாய்விட்டுப் பாட வேண்டும், ராகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எப்படியும் அந்தச் சத்தத்தை வெட்டி எறிந்துவிட்டு அம்மிச்சி குரலைத்தான் வைக்கப் போகிறோம். மாமா பாடக் கூச்சப்பட்டார். அவர் வரியை எடுக்கும்போது மட்டும் மற்றவர்களை வீட்டுக்குள் அனுப்பிவிட்டோம். பம்புசெட்டில் குளிக்கும்போது பாடுவது போலவே பாடினார். வீடியோவில் எனக்கு மிகப் பிடித்த பத்து வினாடி அதுதான்.

இரண்டாவது காரணம் எழுத்து. எல்லா எழுத்துக்கும் வாய் ஒட்ட வேண்டும் என்று முயன்றால் யாருக்கும் வராது. கண்ணாடி முன்னால் நின்று நானே சொல்லிப் பார்த்தேன். த, ந, ன, ல, ர, ட, க எல்லாம் நாக்கும் தொண்டையும் செய்கிற வேலை, வெளியே தெரிவது குறைவு. உதடு இரண்டும் ஒட்டுவது ப, ம இரண்டுக்கும்தான். உதடு குவிவது உ, ஊ, ஒ, ஓ ஒலிக்கு. வ வரும்போது கீழுதடு மேல்பல்லிடம் போகும். பார்ப்பவர் கண் பிடித்துக்கொள்வது இவற்றைத்தான், அதிலும் முக்கியமாகப் ப, ம. குரலில் ‘மா’ கேட்கிற நொடியில் உதடு திறந்திருந்தால் உடனே இடறும். மற்ற எழுத்துகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் தெரியவே தெரியாது.

அதனால் ஒவ்வொருவர் வரியையும் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, ப, ம வருமிடத்தில் மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தேன். மாமா மருமகளுக்கு வந்த வரி இது:

மேக்கே மின்னல் மின்னுதடி, மம்மட்டி எடுத்துப் போகோணுமே

மே, மி, மி, ம, ம்ம, ப்போ, மே என்று ஏழு வட்டம். பதிவைப் போட்டு, அந்த ஏழு இடத்தில் மட்டும் உதட்டைச் சேர்த்துப் பழகச் சொன்னேன், மற்றதெல்லாம் எப்படி வந்தாலும் வரட்டும் என்று. அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டார். அதற்கு முந்தின இரண்டு நாள் முழு வரியையும் மனப்பாடம் செய்து வராத ஒட்டு, ஏழு வட்டத்தில் வந்தது.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. ‘தன்னானே நானே’ என்ற வரியில் உதடு ஒட்டும் எழுத்து ஒன்றுகூட இல்லை. அதனால் யார் எப்போது வாயைத் திறந்தாலும் அது சரியாகவே தெரியும். ஒன்பது பேரும் சேர்ந்து ஆடும் இடம் அதுதான், அங்கே வாயைப் பற்றிக் கவலைப்படாமல் காலை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். உதடு ஒட்ட வேண்டிய வரிகளில் ஆளுக்கு ஒருவராக நின்றபடி வாயசைப்பு, ஒட்டாத வரியில் எல்லோரும் ஆட்டம் என்று பிரிவு தானாக விழுந்தது. வேறு பாட்டு எடுப்பவர்கள் முதலில் பல்லவியில் ப, ம எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு, கூட்டமாக ஆடும் இடத்தை முடிவு செய்யலாம்.

எடுத்த நாள் மார்கழி கடைசி வாரத்தில் ஒரு ஞாயிறு, சாயங்காலம் நாலரை மணி. அதற்கு முன் களத்தில் வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது, எல்லோரும் கண்ணைச் சுருக்குகிறார்கள். ஐந்தரைக்கு மேல் இருட்டத் தொடங்கிவிடும். ஒரு மணி நேரம்தான் கையில். வாயசைப்பு எட்டையும் முந்தின நாளே ஒவ்வொருவராகத் தனித்தனியே எடுத்து முடித்திருந்தது அப்போது கைகொடுத்தது.

படம் எடுக்கும் ஃபோனிலேயே பாட்டையும் போட்டேன். வீடியோவைத் தொடங்கியதும் பாட்டு நின்றுவிட்டது. இன்னொரு ஃபோனில் போட்டு, புளூடூத் ஸ்பீக்கரில் இணைத்து வட்டத்துக்கு வெளியே ஸ்டூல் மேல் வைத்தோம். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். இந்த வேலைக்கு அது பிரச்சினை இல்லை, ஏனென்றால் ஆடுபவர் காதும் படம் எடுக்கும் ஃபோனின் மைக்கும் அதே தாமதமான ஒலியைத்தான் கேட்கின்றன. பிறகு மைக்கில் பதிவான பாட்டின் மேல் அசல் பாட்டைப் பொருத்தினால் போதும். ஒவ்வொரு முறையும் வேண்டிய வரிக்கு முந்தைய வரியிலிருந்தே பாட்டைப் போட வேண்டும். நேராக அந்த வரியிலேயே தொடங்கினால் முதல் இரண்டு தட்டு போன பிறகுதான் ஆட்கள் அசைகிறார்கள்.

ஆட்டத்தை இரண்டு இடத்திலிருந்து எடுத்தோம். ஒன்று, முக்காலியில் இடுப்பு உயரத்தில். இன்னொன்று, வீட்டு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து, பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஃபோனைப் பிடித்துக்கொண்டார். மேலிருந்து எடுத்தது எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது. காலில் நடக்கும் சின்னத் தவறுகள் அங்கிருந்து தெரிவதில்லை. ஒன்பது பேரும் உள்ளே குனிவதும் விரிவதும் ஆவாரம்பூ மூடித் திறப்பது மாதிரி இருந்தது. ஆனால் வட்டம் கோணினால் முதலில் காட்டிக் கொடுப்பதும் அதே இடம்தான், அங்கே அத்தையின் காவிக் கோலம் காப்பாற்றியது. நான்கு தன்னானேயையும் மாடியிலிருந்து மூன்று முறை, கீழிருந்து மூன்று முறை எடுத்தோம். பயன்பட்டது பெரும்பாலும் இரண்டாவது முறை எடுத்தது. மூன்றாவதில் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

வெட்டி ஒட்டும் வேலையை ஃபோனில் ஒரு இலவசச் செயலியிலேயே செய்தேன், இரண்டு ராத்திரி. அசல் குரலை மைக் பதிவின் மேல் சரியாகப் பொருத்திய பிறகும் வாயசைப்பு மட்டும் ஒரு சொட்டு பிந்தியே தெரிந்தது. கொஞ்ச நேரம் செயலியில்தான் ஏதோ கோளாறு என்று தேடினேன். கோளாறு அதில் இல்லை. பாட்டைக் கேட்டுவிட்டு வாயைத் திறப்பதால் மனிதர்கள் பிந்துகிறார்கள். சின்னவள் பிந்தவே இல்லை, மாமா அதிகம் பிந்தினார். ஒவ்வொருவர் துண்டையும் தனித்தனியாக முன்னே நகர்த்தினேன். வினாடிக்கு 30 படம் என்ற கணக்கில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு படம், மாமாவுக்கு நான்கு. எங்கே நிறுத்துவது என்று பார்க்க வரியின் முதல் ‘ம’ அல்லது ‘ப’ போதும். உதடு ஒட்டிப் பிரிகிற படத்தில் குரலின் அந்த எழுத்து வந்து உட்கார்ந்தால் மீதி வரி தானாக உட்காரும். கைதட்டலுக்கும் இதே வழிதான். உள்ளங்கைகள் சேரும் படத்தில் அம்மிச்சி தொடையில் தட்டும் ஒலி வர வேண்டும். தட்டல் இரண்டு படம் தள்ளியிருந்தாலே எனக்குக் கண்ணில் உறுத்தியது.

செலவு: ஃபோன் பிடிப்பானோடு முக்காலி 480 ரூபாய். காவியும் கோலப்பொடியும் 40. ஏழெட்டுச் சாயங்காலம் டீயும் போண்டாவும் 610. மொத்தம் 1130 ரூபாய். ஸ்பீக்கர் மாமா மகனுடையது. நாட்கணக்கில் சொன்னால், வீணாய்ப் போன வள்ளி கும்மி வாரத்தைக் கழித்து, அடி பழக நான்கு சாயங்காலம், வாயசைப்புப் பழக ஒன்று, எடுக்க இரண்டு.

தையில் அம்மிச்சி பிறந்த நாளன்று மாமா வீட்டுக் கூடத்தில் டிவியில் போட்டோம். தன் குரல் வருகிறது என்று புரிய அவருக்கு ஒரு வரி ஆயிற்று. அப்புறம் பேசவே இல்லை, தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். மாமா வரி வந்தபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மருமகள் வரி முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “அதை மறுக்காப் போடு சாமி” என்றார். போட்டேன். “இந்தப் புள்ளை போகணுமேங்குது. நான் போகோணுமேன்னுதானே பாடறேன்?”

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. மருமகள் சென்னையில் வளர்ந்தவர். தாளில் ‘போகோணுமே’ என்று சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன், வாய் பழக்கத்தில் ‘போகணுமே’ என்றே போயிருக்கிறது. ‘ப்போ’வில் உதடு ஒட்டிக் குவிகிறது, ‘மே’வில் ஒட்டுகிறது, என் இரண்டு வட்டமும் சரியாக விழுந்திருக்கின்றன. நடுவில் ‘கோ’வில் உதடு மறுபடி குவிய வேண்டியது, குவியாமல் தட்டையாகக் கடந்துவிட்டது. அம்மிச்சி அந்த ஓர் எழுத்தை டிவியில் பத்தடி தள்ளியிருந்து பார்த்துவிட்டார்.

அடுத்த முறை தாளில் பச்சைப் பேனாவும் வைத்துக்கொள்வேன். ப, மவுக்குச் சிவப்பு, உ ஊ ஒ ஓவுக்குப் பச்சை. வரியைப் பிரித்துக் கொடுப்பதற்கு முன் அவரவர் வாயில் அந்த ஊர்ச் சொல் எப்படி வருகிறது என்று ஒரு முறை சொல்லச் சொல்லிக் கேட்பேன். வட்டத்தை ஐந்தரையிலிருந்து ஆறடி ஆக்குவேன், மாடியிலிருந்து பார்க்கும்போது குனிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருக்கிறது. அப்படிச் செய்தால் இடது காலை ஒவ்வொரு தடவையும் ஓரடிக்கு மேல் அரை அங்குலம் கூடுதலாகத் தள்ளி வைக்க வேண்டிவரும், அத்தையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வரியை மட்டும் மருமகள் வருகிற வாரம் வரும்போது திரும்ப எடுக்கிறோம். அதே நாலரை மணி, அதே சிவப்புச் சேலை. காவி வாங்கி வைத்தாயிற்று.